ஆயா சொன்ன 41 நிமிஷம், ஆபீசுக்குப் போன ஒரு பக்கம்

எங்கள் ஆயாவுக்கு வயது 82. தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, கடற்கரைப் பக்கத்து ஊரில் இருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார், இங்கிலீஷ் கடைவீதி அளவுக்கு. 2023 மார்ச்சில் நகராட்சியிலிருந்து வந்த தண்ணீர் பில்லைப் பார்த்து மூன்று நாள் தூங்கவில்லை. வழக்கமாக எல்லாம் சேர்த்து ஆயிரம் ரேண்டுக்குள் வரும் பில்லில் 7,526 ரேண்டு 60 சென்ட் என்று போட்டிருந்தது. "நான் சொல்றேன், நீ எழுது கண்ணு" என்று உட்கார்ந்தார். ஃபோனில் பதிவு செய்துகொண்டேன், 41 நிமிஷம் ஓடியது. அதை ஒழுங்கான கடிதமாக்கத் தெரியாமல் நான் செய்த தப்பால் 1,720 ரேண்டும் மூன்று மாதமும் போயின. அதில் கடைசி சில நாட்கள் ஆயா வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. எழுதிக்கொடுத்தவன் நான் என்பதால் அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஆயா பேச்சு எங்கே ஆரம்பித்தது என்றால், கரும்புத் தோட்டத்து பாரக்ஸில். அவர் அப்பா மில்லில் வேலை செய்த கதை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னது, இந்த வீட்டுக்கு வந்தபோது குழாயே இல்லாமல் தெருமுனையில் வாளி வைத்து நின்றது. பிறகு தாத்தா. பிறகு தைப்பூசக் காவடிக்குப் பால்குடம் எடுத்தது, அதற்கு ரெண்டு வாரம் கழித்து "கவுன்சில் பையன்" மீட்டர் பார்க்க வந்தது. பிறகு "இந்த மீட்டருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு". பிறகு பக்கத்து வீட்டு நாய். பிறகு மறுபடியும் தாத்தா. கடைசியில், "நான் கிழவி, பென்ஷன்ல சாப்பிடறவ, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்கன்னு எழுது."

நான் செய்தது இதுதான்: முதல் பத்து நிமிஷத்தையும் கடைசி ஐந்து நிமிஷத்தையும் கவனமாகக் கேட்டேன், நடுவில் இருந்ததை ஓட்டிவிட்டேன். மார்ச் 24 அன்று இரண்டரைப் பக்கக் கடிதம் ஒன்று போனது. முதல் பக்கம் முழுக்க ஆயாவின் வாழ்க்கை. "பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றதை "மீட்டர் பழுதாகியுள்ளது, சோதித்துப் பார்க்கவும்" என்று மரியாதையான இங்கிலீஷில் மாற்றியிருந்தேன். முடிவில், வயதானவர், கருணை காட்டவும். எவ்வளவு ரேண்டு தப்பு என்று எங்கேயும் எழுதவில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை, உள்ளே இருந்த கோரிக்கைதான் தவறு.

ஆபீசில் ஒரு கடிதத்தை முதலில் பிரிப்பவர் அதை வரிவரியாகப் படிப்பதில்லை. இது எந்த மேஜைக்கு என்று மட்டும் பார்க்கிறார். "மீட்டர் பழுது, சோதிக்கவும்" என்று கண்ணில் பட்டால் அது மீட்டர் சோதனைப் பிரிவுக்குப் போகும். போனது. சோதனைக்கு முன்பணம் 780 ரேண்டு கட்டச் சொன்னார்கள், கட்டினோம். ஆட்கள் வந்து இன்னொரு மீட்டரை இணைத்துப் பார்த்துவிட்டு, மே முதல் வாரத்தில் பதில் அனுப்பினார்கள்: மீட்டர் சரியாக ஓடுகிறது, ஆகவே பில் நிற்கும். அவர்கள் கோணத்தில் நான் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அது. மீட்டர் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆயா சொல்ல வந்ததும் மீட்டர் பழுது என்பதில்லை. நம்பவே முடியாத எண் வந்திருக்கிறது என்பதைத்தான் அவர் வழக்கத்தில் அப்படிச் சொன்னார். பெரியவர்கள் பேச்சில் உவமையாக, ஆத்திரமாக வரும் சொல்லை அப்படியே கோரிக்கையாக மாற்றினால் வழக்கே வேறாகிவிடும். அந்த மாதிரி ஒரு வாக்கியம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆயா, எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்க வேண்டும். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்.

இன்னொரு தப்பும் செய்தோம். தகராறு எழுதிவிட்டோமே என்று பில்லில் ஒரு சென்ட்கூடக் கட்டவில்லை. சோதனைப் பதில் வந்த கையோடு 14 நாள் நோட்டீஸ் வந்தது, மே 26 வெள்ளிக்கிழமை தண்ணீரை நூலாகக் குறைக்கும் தடுப்பு வில்லையைக் குழாயில் போட்டுவிட்டுப் போனார்கள். அதை எடுக்க 940 ரேண்டு. 780-ஐயும் சேர்த்தால் 1,720.

அன்று ராத்திரிதான் பதிவை முதல் நொடியிலிருந்து கேட்டேன். 33-ஆவது நிமிஷத்தில், நான் தாத்தா புராணம் என்று ஓட்டிவிட்ட இடத்தில், ஆயா சொல்கிறார்: "உங்க தாத்தா இருக்கச்சே ஒண்ணாந்தேதி ஆனா மீட்டர் நம்பரைக் காலண்டர்ல எழுதுவாரு. அவரு போன பின்னாடி நான் எழுதறேன். அந்தப் பையன் எழுதின நம்பருக்கு என் மீட்டர் இன்னும் வந்தே சேரலையே." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான்தான் காதில் வாங்கவில்லை. சமையலறையில் முருகன் படம் போட்ட காலண்டர் மாட்டியிருந்தது. ஆணியில் பழைய வருஷத்துக் காலண்டரும் அதன் பின்னாலேயே தொங்கியது. பென்சிலில் எண்கள்: டிசம்பர் 1 அன்று 1449, ஜனவரி 1 அன்று 1461, பிப்ரவரி 1 அன்று 1472, மார்ச் 1 அன்று 1483. மாதத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோலிட்டர். ஒரு கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர். மீட்டரில் கறுப்பாக இருக்கும் எண்கள் அதைத்தான் காட்டுகின்றன, சிவப்பாக ஓடுபவை அதற்குள் வரும் லிட்டர்கள். ஆயா கறுப்பை மட்டும் எழுதியிருந்தார், அதுவே சரி.

பில்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஜனவரி 23 அன்று முந்தைய அளவு 1469. பிப்ரவரி 22 அன்று தற்போதைய அளவு 1580. வித்தியாசம் 111 கிலோலிட்டர். ஆனால் அதற்கு ஒரு வாரம் கழித்து, மார்ச் 1 அன்று ஆயாவின் காலண்டரில் 1483. மீட்டர் பின்னோக்கி ஓடாது. 1480 என்று இருந்ததை வந்தவர் 1580 என்று எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். 1480 என்று வைத்தால் அந்த மாதச் செலவு 11 கிலோலிட்டர், வழக்கமான அளவு. இன்னொரு தடயமும் கண்ணெதிரே கிடந்தது. அதற்குப் பின் வந்த பில்களில் எல்லாம் அளவுக்குப் பக்கத்தில் "மதிப்பீடு" என்று அச்சாகியிருந்தது. உண்மையான எண் 1580-க்குக் கீழே இருக்கும்போது கணக்கு அதை ஏற்காது. உங்கள் வீட்டு பில்லில் திடீரென்று ஒரு மாதம் எகிறி, அடுத்த மாதங்கள் வரிசையாக மதிப்பீடாக வந்தால், கசிவைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கசிவா என்று பார்ப்பதும் சுலபம்: ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டுச் சிவப்பு எண்களைக் குறித்து, விடிந்ததும் யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். நகராமல் இருந்தால் கசிவு இல்லை.

இரண்டாவது தடவை பதிவை வேறு மாதிரிக் கையாண்டேன். முழுவதையும் ஒரு நோட்டில் எழுதினேன், மூன்று மணி நேரம் பிடித்தது. கடுப்பான வேலைதான், ஆனாலும் ஓட்டாமல் எழுதினால்தான் அந்த 33-ஆவது நிமிஷம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வி: இதை ஆபீசில் இருக்கும் ஒருவர் காகிதத்தையோ மீட்டரையோ பார்த்துச் சரிபார்க்க முடியுமா? முடியும் என்றால் அடிக்கோடு. பாரக்ஸ் கதை, குழாயில்லாத காலம், நாய், இவற்றுக்கு அடிக்கோடு விழவில்லை. 41 நிமிஷத்தில் அடிக்கோடு விழுந்தவை ஒன்பது வாக்கியங்கள்.

அந்த ஒன்பதிலும் தேதிகள் ஆயாவின் கணக்கில்தான் இருந்தன. பெரியவர்கள் தேதியை மறப்பதில்லை, வேறு காலண்டரில் வைத்திருக்கிறார்கள். "காவடிக்கு ரெண்டு வாரம் கழிச்சு, புதன்கிழமை, நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன்" என்றார். 2023-இல் தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிறு. அதிலிருந்து இரண்டு வாரம் தள்ளி வரும் புதன் பிப்ரவரி 22. பில்லில் இருந்த அளவெடுத்த தேதியும் அதேதான். ஆடிக் கூழ், புரட்டாசி விரதம், குட் ஃப்ரைடே அன்று நடக்கும் மாரியம்மன் திருவிழா என்று எதைச் சொன்னாலும் அந்த வருஷக் கோவில் நோட்டீஸை எடுத்து வைத்துத் தேதியாக்கிவிடலாம். "எந்த தேதி?" என்று கேட்டால் தடுமாறுவார்கள், "அதுக்கு முன்னாடி என்ன விசேஷம்?" என்று கேட்டால் டக்கென்று வரும். கடிதத்தில் தேதியை மட்டும் எழுதினால் போதும், விசேஷம் நம் நோட்டில் இருக்கட்டும்.

கடிதத்தின் எலும்பு எது என்பதை எனக்குக் காட்டியது ஒரு தீர்ப்பு. அது விளக்கியது நகராட்சி முறைமைகள் சட்டத்தை, 2000-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் சட்டம். அதில் 102(2) என்ற பிரிவு இருக்கிறது. நகராட்சி கேட்கும் "குறிப்பிட்ட தொகை" ஒன்றைப் பற்றித் தகராறு இருந்தால், முதல் உட்பிரிவு தரும் வசூல் நடவடிக்கை அதிகாரம் அங்கே செல்லாது. ஆனால் தகராறு என்று சொன்னால் மட்டும் போதாது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் க்ராஃப்ட்டீன் மாலின் நிர்வாகக் குழு, டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சிக்கு எதிராகப் போட்ட வழக்கில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் இதைத் தெளிவாக்கியது: பொதுப்படையாகத் தகராறு என்று சொல்லிப் பணம் கட்டுவதைத் தள்ளிப்போட முடியாது, பில்லில் எந்தக் கட்டணம் தப்பு, ஏன் தப்பு என்று நகராட்சி கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரம் தர வேண்டும். மால் தோற்றது. அதைப் படித்தபோதுதான் என் முதல் கடிதம் ஏன் கதைக்கு உதவாமல் போனது என்று புரிந்தது. இரண்டரைப் பக்கத்தில் ஒரு தொகைகூட இல்லை.

ஆகவே முதலில் தொகையை உடைத்தேன். பில் மொத்தம் 7,526.60. அதில் வீட்டு வரி, குப்பை வகையறா 684.20, இதில் ஆயாவுக்குத் தகராறு இல்லை. தண்ணீர் வரி மட்டும் 6,842.40. போன மாதம் இதே 11 கிலோலிட்டருக்கு வந்தது 312.50. அப்படியானால் தகராறுக்குரிய தொகை 6,842.40-இல் 312.50 போக 6,529.90. தகராறு இல்லாதது 684.20-உம் 312.50-உம் சேர்ந்து 996.70. அந்த 996.70-ஐயும், பிறகு வந்த பில்களில் வழக்கமான பங்கையும் அன்றே கட்டி ரசீது வாங்கினோம். தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறும் ஊர்களில் பில்லில் உள்ள தண்ணீர்த் தொகையை 111-ஆல் வகுத்து 11-ஆல் பெருக்கிச் சரியான தொகையைக் கண்டுபிடிக்கக் கூடாது. மேல்படியில் ஒரு கிலோலிட்டருக்கு விலை அதிகம் என்பதால் கணக்கு உதைக்கும். முந்தைய மாதத்து உண்மையான பில்லை வைத்துச் சொல்வதே பாதுகாப்பு.

மே 29 திங்கள் காலை மீட்டர் மூடியைத் தூக்கி, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து, மீட்டர் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். அளவு 1515. மூன்று மாதத்துக்கு முன்னாலேயே 1580 காட்டியதாக பில் சொன்ன மீட்டர். கடிதம் இங்கிலீஷில் போனது, ஒரு பக்கம். அதன் உடம்பைத் தமிழில் தருகிறேன், தலைப்பில் கணக்கு எண், மீட்டர் எண், வீட்டு முகவரி, பில் தேதி நான்கும் உண்டு.

"பொருள்: 6,529.90 ரேண்டு குறித்த தகராறு, பிரிவு 102(2). மேற்கண்ட கணக்கு என் பெயரில் உள்ளது. 22 பிப்ரவரி 2023 அன்று எடுத்ததாக பில்லில் உள்ள 1580 என்ற அளவு தவறு என்று தெரிவிக்கிறேன். 1 மார்ச் 2023 அன்று மீட்டர் 1483 காட்டியது. 29 மே 2023 அன்று 1515 காட்டுகிறது, படம் இணைப்பு 1. டிசம்பர் முதல் மாதந்தோறும் நான் குறித்த அளவுகள் இணைப்பு 2. பிப்ரவரி 22 அன்று மீட்டர் 1480 அளவில் இருந்திருக்க வேண்டும், அதன்படி பயன்பாடு 11 கிலோலிட்டர். மீட்டர் பழுது என்பது என் வாதம் அல்ல, அளவு தவறாகப் பதிவாகியுள்ளது என்பதே. தகராறு இல்லாத 996.70 ரேண்டைக் கட்டிவிட்டேன், ரசீது இணைப்பு 3. மீட்டரை நேரில் பார்த்து அளவெடுக்கவும், பில்லை 11 கிலோலிட்டருக்குத் திருத்தவும், முடிவு வரும்வரை இத்தொகைக்காக வசூல் நடவடிக்கை எடுக்காமல் தடுப்பு வில்லையை அகற்றவும், முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

அனுப்புவதற்கு முன் ஆயாவுக்கு வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். முதல் வரைவில் "அளவெடுக்க வந்தவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை" என்று ஒரு வரி வைத்திருந்தேன். ஆயா நிறுத்தினார். "நான் அப்படிச் சொல்லலையே. வந்தான், வாசல் கேட் கிட்ட நின்னான், மூடியைத் தூக்கினதை நான் பாக்கலைன்னுதான் சொன்னேன். நான் துணி காயப்போட்டுட்டு இல்ல இருந்தேன்?" அவர் பார்க்காததை அவர் வாயில் வைத்து நான் ஒருவர் வேலையில் கை வைக்கப் பார்த்திருக்கிறேன். அந்த வரியையே எடுத்துவிட்டேன். அளவு தப்பு என்று நிரூபிக்க அது தேவையும் இல்லை. "என் பென்ஷன் கதை எங்கே?" என்றும் கேட்டார். அது வேறு மேஜைக்கு, சலுகை கேட்கும் கடிதத்துக்கு, தனியாக எழுதுவோம் என்றேன். அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டார். கருணை கேட்கும் வரியும் தகராறு வரியும் ஒரே தாளில் இருந்தால் பிரிப்பவர் சுலபமானதைத்தான் எடுப்பார், நமக்குச் சலுகை விண்ணப்பப் படிவம் வந்து சேரும்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன முள். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு வீட்டுப் பேர் ஒன்று, ஐடி புத்தகத்தில் அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பேர் ஒன்று. ஆயா முதல் கடிதத்தில் வீட்டுப் பேரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தார். கணக்கில் இருந்த பேர் வேறு. இரண்டாவதில் பில்லில் இருக்கும் எழுத்துக்கூட்டலை அப்படியே அச்சிட்டு, அதற்கு மேல் தமிழில் அவர் எப்போதும் போடும் கையெழுத்து. நான் அவர் சார்பில் பேசலாம் என்று தனியாக ஒரு சிறு அனுமதித் தாள், ஐடியின் சான்றிட்ட நகல். நகலைப் போலீஸ் ஸ்டேஷனில் காசு வாங்காமல் முத்திரை வைத்துத் தருவார்கள், அசலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். காலண்டர் பக்கங்களுக்கும் அங்கேயே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டோம். அதில் எழுதியிருப்பது புரிகிறதா என்று அதிகாரி ஆயாவைக் கேட்டபோது நான் தமிழில் சொன்னேன், அவர் தலையாட்டினார்.

நேரில் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோய் நம் பிரதியில் தேதி முத்திரையும் வாங்கியவர் பெயரும் வாங்கினேன். அதே நாள் மின்னஞ்சலிலும் அனுப்பி, வந்த குறிப்பு எண்ணைப் பிரதியின் மேலேயே எழுதினேன். 940-ஐக் கட்டினால்தான் வில்லையை எடுப்போம் என்றார்கள், கட்டினோம். ஜூன் 14 அன்று ஒருவர் வந்து மூடியைத் தூக்கி, ஆயாவைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார். ஜூன் 23 பதில்: அளவு திருத்தப்பட்டது, 6,529.90 கணக்கில் வரவு. பாதகமான பதில் வந்திருந்தால், அதைத் தெரிவித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி நகராட்சி மேலாளருக்கு எழுத்தில் மேல்முறையீடு போட வேண்டும். அதனால்தான் பதில் வந்த உறையைக்கூட தேதியோடு வைத்திருந்தேன்.

சோதனைக்குக் கட்டிய 780 திரும்பவில்லை. நாம் கேட்டுத்தான் சோதித்தார்கள் என்பதால் அதில் எனக்கு வழக்கும் இல்லை. 940-ஐத் திருப்பிக் கேட்டு ஜூலையில் இன்னொரு கடிதம் எழுதினேன், ஏழே வரி. இன்னும் பதில் இல்லை. ஆயாவின் பென்ஷன் சலுகைக் கடிதத்துக்கான பதிவு 26 நிமிஷம் வந்திருக்கிறது, தாத்தா இரண்டு இடத்தில் வருகிறார், இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.